வியர்க்காத சர்க்கரை

கோவளத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவரே வியர்க்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். தீப்பெட்டியில் பத்துக் குச்சி உரசினால் ஒன்று பற்றும். அந்த 2003-ஆம் வருஷம் மார்கரெட் சுட்ட டோனட்டும் சேர்ந்து வியர்த்தது.

"நீங்களே பாருங்கோ," என்று பத்ரி அட்டைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். செங்கல்பட்டுக்காரன், முப்பது வயசு. வெளிநாட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காபிக் கடை போட்டிருக்கிறான். சுத்த சைவக் கடை. காபியோடு வைக்க முட்டை போடாத டோனட் வேண்டும் என்று கேட்டிருந்தான்.

காலையில் கண்ணாடி மாதிரி பளபளத்த பூச்சு, மதியத்துக்குள் கரைந்து பெட்டியின் அடியில் குளமாக நின்றது. ஒரு டோனட்டைத் தூக்கினான். அடிக் காகிதமும் கூடவே வந்தது.

"மொத தடவை எண்ணெய் குடிச்சிருந்தது. பிழிஞ்சா ஒரு கரண்டி எண்ணெய் வரும்னு நான்தான் சொன்னேன். அதைச் சரி பண்ணிட்டேள், நன்னாருக்கு, பஞ்சு மாதிரி இருக்கு. ஆனா இப்படி ஒழுகினா எவன் வாங்குவான்?"

"மழ சார். காத்துல ஈரம்."

"மழை மார்கழி வரைக்கும் இருக்குமே மார்கரெட்மா. அதுவரைக்கும் நான் கடையை மூடிண்டா இருக்க முடியும்?"

"ஓட்டல்ல ஜெலட்டின்னு ஒண்ணு போடுவாங்க சார். அது போட்டா நிக்கும்."

"அது மாட்டெலும்புல எடுக்கறதும்மா. நம்ம கடையில ஆகாது." பெட்டியை மூடினான். "சனிக்கிழமை இன்னொரு தடவை கொண்டு வாங்கோ. அதுவும் ஒழுகித்துன்னா மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சுக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்கோ."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கரைந்த சர்க்கரை புடவையிலும் ஒட்டியது.

கடற்கரை ஓட்டல் ஒன்றின் பேக்கரியில் பதினொரு வருஷம் மாவு பிசைந்தவள் அவள். அந்த ஓட்டல் பேக்கரியை மூடியபோது, பெரிய மாஸ்டர் ஒரு தெர்மாமீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புருஷன் ஆபிரகாம் அதே ஓட்டலில் படகு ஓட்டினவன். அவன் தவறிப்போய் நாலு வருஷம். பிள்ளை இல்லை. தம்பி மோசஸ் கடப்பாக்கத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தெருமுனை பூத்துக்குப் போன் போடுவான்.

"இன்னாத்துக்குக்கா அங்க தனியா கெடந்து அல்லாடுற? பொங்கலுக்கு வண்டி எடுத்துக்கினு வர்றேன். சாமான கட்டி வை."

அவன் நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டு அடுப்பு அவன் பெண்டாட்டியுடையது. போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது, மார்கரெட் தானாக ஒரு காபி போட்டுக் குடித்தாள். "நீ ஏன் அண்ணி அடுப்பாண்ட வர்ற? நீ ஒக்காரு," என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்று நாள் மார்கரெட் உட்கார்ந்தே இருந்தாள். இனி சாகிறவரைக்கும் அப்படி உட்கார்ந்திருப்பதா என்று நினைத்தாலே கை நமநமவென்றது. இங்கே நிலைக்க அவளுக்குத் தினப்படி ஒரு வேலை வேண்டும். கேட்டு அலைந்ததில் வேலை தருகிறேன் என்று சொன்னவன் பத்ரி ஒருத்தன்தான்.

எண்ணெய் விஷயத்தை அவளே கண்டுபிடித்தாள். முதல் தடவை தெர்மாமீட்டரின் முனை வாணலியின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அடி இரும்பின் சூட்டைத்தான் அது நூற்றி எண்பது என்று காட்டியது, எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வரவே இல்லை. போதாக்குறைக்கு எட்டு டோனட்டை ஒரே நேரத்தில் போட்டாள். இருந்த சூடும் இறங்கி, மாவு எண்ணெயைக் குடித்துக்கொண்டே வெந்தது. இப்போது முனையை நடு எண்ணெயில் தொங்கவிடுகிறாள். மூன்று மூன்றாகத்தான் போடுகிறாள். எடுத்த பிறகு முள் மறுபடி ஏறும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை.

"நூத்தி எழுவது... எழுவத்தஞ்சு... வா வா... எண்பது." அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று கேட்பது பெரும்பாலும் இதுதான்.

வியாழன் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பல்கீஸ் கூப்பிட்டாள்.

"யக்கா! மாருகட்டக்கா! கிண்ணம் வெச்சிகீறேன், பூன தள்ளிடப் போவுது!"

ரமலான் மாசம். அடுத்த வீட்டு பல்கீஸ் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சியோ கடல்பாசியோ ஒரு கிண்ணம் சுவர்மேல் வைத்துவிடுவாள். ஆபிரகாம் இருந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். அவன் போன பிறகு மார்கரெட் கிண்ணத்தைக் கழுவி, சத்தம் காட்டாமல் சுவர்மேல் வெறுமனே வைத்துவிடுவாள். அதில் போட்டுத் தர அவளிடம் எதுவும் இருந்ததில்லை. பேச்சும் இருந்ததில்லை.

அன்றைக்குக் கடல்பாசி இனிப்பு. ரோஸ் கலரில் சதுரமாக வெட்டியிருந்தது. சாப்பிட மனசில்லாமல் ஜன்னலோரம் வைத்தாள். அங்கேதான் மீந்த டோனட் ஒன்றும் கிடந்தது. காலையில் எழுந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாள். ராத்திரி முழுக்கச் சாரல். டோனட் சர்க்கரை தட்டோடு கரைந்து ஓடியிருந்தது. கடல்பாசி வெட்டின முனை மழுங்காமல் அப்படியே நின்றது. இத்தனைக்கும் அதிலும் சர்க்கரைதான், தண்ணீர்தான்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளே சுவரோரம் போய் நின்றாள். இருமிவிட்டுக் கூப்பிட்டாள்.

"பல்கீஸு... இத ஐஸ் பொட்டில வெச்சா எறுக வெப்ப?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பல்கீஸ் வந்தாள். "ஐஸ் பொட்டியா? எங்க வூட்டுல பொட்டின்னு இருக்கறது எம் மாமியா வெத்தல பொட்டிதான். தட்டுல ஊத்தினா தானா ஒறஞ்சிக்கும்க்கா. இன்னா, புளிச்சிப் போச்சா?"

"இல்லம்மா. எப்டி காச்சற, அத்தச் சொல்லு."

"பாசிய ஊற வெச்சி வெறுந்தண்ணில கொதிக்க வுடணும். இழ ஒண்ணு கூட கண்ல படக்கூடாது. அப்பால சக்கர. முன்னாடியே சக்கர போட்டன்னு வையி, பாசி பாதி கரைஞ்சி பாதி கரையாம பேஜாரு பண்ணும்." பிறகு கண்ணைச் சுருக்கி, "யாருக்குக் காச்சப் போற? ஒனக்கா?" என்றாள்.

மார்கரெட் சொன்னாள். டோனட், பத்ரி, சனிக்கிழமை எல்லாவற்றையும். கடப்பாக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பல்கீஸ் உள்ளே போய் ஒரு கைப்பிடி உலர்ந்த கடல்பாசியைக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது கடல்ல வெளையறதுதான? சைவந்தான?"

"பின்ன, பாசிக்கு இன்னா கையா காலா? புடி."

முதல் தடவை மார்கரெட் கைநிறையப் போட்டுவிட்டாள். பூச்சு ரப்பர் தோல் மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. அடுத்த தடவை நாலே நாலு இழை எடுத்தாள். அரை டம்ளர் தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை காய்ச்சி, இறக்கி, பொடித்துச் சலித்த சர்க்கரையை அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொட்டிக் கட்டியில்லாமல் கலக்கினாள். ஆறினால் கெட்டிப்படும் என்று கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் நிறுத்தினாள். சூடு அடங்காத டோனட்டை அதில் முக்கிக் கம்பி வலைமேல் வைத்தபோது, மிச்சம் வழிந்து இறங்கி மெல்லிய படலமாக நின்றது. ஐந்து நிமிஷத்தில் விரலால் தொட்டாள். ஒட்டவில்லை.

சுவருக்கு மேல் பல்கீஸின் தலை தெரிந்தது. "இன்னாக்கா ஆச்சி?"

"நிக்கிற மாதிரிதான் கீது. ருசி பாக்கறியா?"

"நோன்புல ஆசயக் காட்டறா பாரு! பாவம் ஒன்னுதுதான்," என்று சிரித்துக்கொண்டே தலை இறங்கிவிட்டது.

சனிக்கிழமை விடியலில் மாவு தயாராக இருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வந்து நின்றது, அதுதான் பதம். ஒவ்வொரு வளையமும் ஒரு துண்டு காகிதத்தின்மேல் உப்பியிருந்தது. கையால் தூக்கினால் காற்று போய்விடும். காகிதத்தோடு எண்ணெயில் இறக்கினால் காகிதம் தானாகக் கழன்றுகொள்ளும், இடுக்கியால் எடுத்துவிடலாம். ஒரு நிமிஷம் இந்தப் பக்கம், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். எடுத்தபோது டோனட்டின் இடுப்பில் வெளுத்த கோடு ஒன்று சுற்றி ஓடியிருந்தது. மாவு கனமாக இருந்தால் எண்ணெயில் ஆழமாக அமிழும், அந்தக் கோடு விழாது. பூச்சில் முக்கி, நன்றாக ஆறவிட்ட பிறகுதான் பெட்டியை மூடினாள். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி கட்டி, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

ஒன்பது மணிக்குப் பத்ரி பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தான்.

"இப்போ திறக்க மாட்டேன். பன்னண்டு மணிக்குத்தான் திறப்பேன்."

"நா இருக்கேன் சார்."

தகரக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தான். மழை விடவே இல்லை. மாமல்லபுரம் பஸ்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கடப்பாக்கத்து மூன்று நாள் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டாள். பன்னிரண்டு வரை நின்றுகொண்டே இருந்தாள்.

பத்ரி பெட்டியைத் திறந்தான். அடிக்காகிதம் உலர்ந்திருந்தது. ஒன்றைத் தூக்கினான், காகிதம் கூட வரவில்லை. புட்டபோது பூச்சு மெல்லிசாக விரிசல் விட்டு உடைந்தது. மென்றுகொண்டே விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தான்.

"ஒட்டலையே! என்ன போட்டேள்? அந்த எலும்புச் சமாச்சாரம் இல்லையே?"

"கடல்பாசி சார். நோன்புக்குக் காச்சறது."

"சைனா கிராஸா? அடடா, எங்காத்துல அம்மா புட்டிங்கே பண்ணுவா. எனக்குத் தோணலை பாருங்கோ." இன்னொரு வாய் போட்டுக்கொண்டான். "திங்கக்கிழமையிலேர்ந்து தினம் நாப்பது. கார்த்தால எட்டரைக்கு இங்க இருக்கணும்."

அவள் தலையாட்டினாள்.

பூத்திலிருந்து மோசஸுக்குப் போன் போட்டாள். பொங்கலுக்கு வண்டி வேண்டாம் என்றாள். "நெசமாத்தான் சொல்றியா?" என்று இரண்டு தடவை கேட்டான். டோனட் என்றால் என்ன என்று கேட்டான். நடுவில் ஓட்டை போட்ட பன்னு என்றாள். போன் வைத்தபோது மணி ஒன்றுகூட ஆகவில்லை. வீட்டில் எண்ணெய் வாடை மட்டும் இருந்தது. இந்த மாதிரி ஒரு நாளில் ஆபிரகாம் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பார்த்தாள். அவன் குரல் சரியாக ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பல்கீஸின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். எடுத்து வைத்திருந்த நாலு டோனட்டை அடுக்கினாள். சுவர்மேல் வைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். பகலில் கொடுத்தால் அவர்களால் சாப்பிட முடியாது. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஐந்து மணிக்கு ஒரு தடவை. உலர்ந்தே இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அடுத்த வீட்டில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு டம்ளர்கள் உரசுகிற ஓசை, யாரோ யாரையோ அதட்டுகிற ஓசை, சிரிப்பு. அவள் எழுந்து, கிண்ணத்தை முந்தானைக்குள் பிடித்து, சுவரைச் சுற்றிக்கொண்டு, தெருவழியாக அவர்கள் வாசலுக்கே போனாள். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நாந்தான் பல்கீஸு. கிண்ணம் கொண்டாந்தேன்."

கதவு திறந்தது. பல்கீஸ் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு நனைந்து நின்ற அவளைப் பார்த்தாள்.

"காலைலயே சுட்டதா? ஒழுகலியே!"

"ஒழுகாது. தொட்டுப் பாரு," என்றாள் மார்கரெட்.