அறுபத்தைந்தில் ஒரு புள்ளி

டெமோ வகுப்பு எடுக்க வந்திருப்பவர் ரத்தினவேல் என்று தெரிந்ததும் இளவேனிலுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. வேலை கேட்டு வருகிறவர்களுக்கு எந்தப் பக்கத்தைப் பாடமாகக் கொடுப்பது என்பதைத் துறைத் தலைவர்தான் முடிவு செய்வார். கே.கே. நகரில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் கணக்குத் துறைத் தலைவர் அவள்தான். இதைத்தான் நான்கு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ரத்தினவேல் ஸ்ரீரங்கத்தில் டியூஷன் சென்டர் நடத்தினார். இளவேனில் அவரிடம் வேலை பார்த்தாள். ஒரு தேர்வில் பாக்ஸ் பிளாட் படம் ஒன்றைக் கொடுத்து, வீச்சு, அதாவது பெரிய மதிப்புக்கும் சின்ன மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு என்று கேட்டிருந்தார். விடைக் குறிப்பும் அவர் போட்டதுதான். அது தப்பு, தனியாக நிற்கிற புள்ளியை விட்டுவிட்டீர்கள் என்று அவள் முதல் நாளே சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போனது. பெற்றோர்கள் படியேறி வந்து சத்தம் போட்டபோது, அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கை காட்டினார்.

"கீ போட்டது இந்தப் பொண்ணுதாங்க. படம் பாக்கவே தெரியல, நான் என்ன பண்றது?"

வேலை போனது பெரிதில்லை. அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டிலும் அவளை டியூஷனுக்குக் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் பழைய மாணவிகளைப் பார்த்தால் அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு போனாள். செய்யாத தப்புக்குக் குனிந்த தலை அது. அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை, ஆறவேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை.

சென்டரை மூடிவிட்டு இப்போது வேலை தேடிக்கொண்டிருந்த மனிதர், ஆசிரியர் அறையில் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். அட, நம்ம இளவேனிலா என்றார். பழசு எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத பெருந்தன்மை அந்தச் சிரிப்பில் வழிந்தது. கொஞ்சம் பார்த்துச் செய்யம்மா என்று தாழ்ந்த குரலில் வேறு கேட்டுக்கொண்டார். அவள் பதினொன்றாம் வகுப்புப் புள்ளியியல் புத்தகத்தைத் திறந்து, பாக்ஸ் பிளாட் இருந்த பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

அதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. பழைய படமும் இல்லை, வேறு படம். பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் போட்டவர், வீட்டுக்குப் போய்ப் பாடத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார் என்று அவள் கணக்குப் போட்டாள். தப்பு அவளுடையது என்று ஊருக்குச் சொன்னவர், சொல்லிச் சொல்லித் தானும் நம்பியிருப்பார்.

வகுப்பின் கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை ஆனந்தவள்ளியும் அவளும் உட்கார்ந்தார்கள். ரத்தினவேல் படத்தைப் பலகையில் பெரிதாக வரைந்தார். ஒரு வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம், நிமிடத்தில். கீழே எண்கோடு. மேலே ஒரு பெட்டி, அதன் இடது விளிம்பு 15க்கு நேரே, உள்ளே ஒரு கோடு 20க்கு நேரே, வலது விளிம்பு 30க்கு நேரே. பெட்டியின் இரண்டு பக்கமும் மீசைபோல் கோடுகள், இடது மீசை 5 வரைக்கும் வலது மீசை 50 வரைக்கும். அதையும் தாண்டி 65இல் ஒற்றைப் புள்ளி.

மனிதருக்குக் குரல் நல்ல குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும். இடது விளிம்பு முதல் கால்மானம், நடுக்கோடு இடைநிலை, வலது விளிம்பு மூன்றாம் கால்மானம் என்று விளக்கினார். முப்பதில் பதினைந்து போகப் பதினைந்து, அதுதான் பெட்டியின் அகலம். அதை ஒன்றரையால் பெருக்கினால் இருபத்திரண்டரை. மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் மேல் வேலி, அதாவது மேல் எல்லை, ஐம்பத்திரண்டரை. முதல் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ் வேலி பூஜ்யத்துக்கும் கீழே ஏழரை, நேரம் அங்கே போகவே முடியாது. வலது மீசை வேலி வரைக்கும் நீளாது, வேலிக்குள் இருக்கும் கடைசி மதிப்பான ஐம்பதோடு நின்றுவிடும். அறுபத்தைந்து வேலியைத் தாண்டிவிட்டது, ஆகவே அது அவுட்லையர், மற்றதிலிருந்து விலகி நிற்கிற மதிப்பு. எல்லாம் சரி. திருந்திவிட்டாரோ என்று இளவேனில் பயந்தே போனாள்.

அப்புறம் வீச்சுக்கு வந்தார். அவுட்லையரைத்தான் வெளியே தள்ளியாயிற்றே, இனி அதை எதற்குச் சேர்ப்பது என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். மீசையின் இரண்டு நுனியையும் பார்த்தால் போதும் என்றார். ஐம்பதில் ஐந்து போக நாற்பத்தைந்து என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

இளவேனில் எழுந்தாள். இந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சார், அறுபத்தஞ்சு நிமிஷம் பஸ்ல வர்ற புள்ள இந்த வகுப்புல இல்லையா?"

அவருக்குப் புரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த அறிவுமதி என்ற பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. முசிறிப் பக்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து பஸ் மாறி வருகிறவள். புள்ளியும் மாணவர்தானே, அவுட்லையர் என்று பெயர் வைத்தால் ஆள் இல்லாமல் போய்விடுவாரா என்று கேட்டாள். அப்படியென்றால் வீச்சு அறுபத்தைந்தில் ஐந்து போக அறுபது என்றும் அவளே சொன்னாள். வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. ரத்தினவேல் சாக்பீஸும் கையுமாக இளவேனிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சிவந்ததை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

தலைமை ஆசிரியை அறையில் அவர் முந்திக்கொண்டார். படம் சின்னதாக அச்சாகியிருக்கிறது, பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள் என்றார். ஆனந்தவள்ளி இளவேனில் பக்கம் திரும்பி, என்ன செய்யலாம் என்று கேட்டார். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும், மனிதர் பஸ் ஏறிவிடுவார்.

அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே அதை நிறுத்தினாள். இப்போது அனுப்பினால் என்ன ஆகும்? பழைய பகையை வைத்து அந்தப் பெண் பழி வாங்கிவிட்டாள் என்று ஸ்ரீரங்கம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை தயாராகிவிடும். மறுபடியும் தப்பு அவளுடையதாகிவிடும். அவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

"எடுத்துக்கலாம் மேடம். என் கீழயே இருக்கட்டும். நாளைக்கு அதே வகுப்புக்குப் போயி, நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லி, அவரே சரியா நடத்தட்டும். நானும் வந்து உக்காந்துக்குறேன்."

நியாயம்தான் என்றார் ஆனந்தவள்ளி. ரத்தினவேல் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் அவர் பலகையில் நாற்பத்தைந்தை எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் அறுபது என்று எழுதினார். தொண்டையைச் செருமினார். நேற்று ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து இளவேனில் மெதுவாகக் கேட்டாள். "நடந்துருச்சா சார்? யாரு பண்ணது?"

வகுப்பு முழுவதும் அவர் வாயையே பார்த்தது. ஜன்னலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். கை காட்டுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

"நான்தான்," என்றார். "நான்தான் தப்பா சொன்னேன்."

தேன் குடித்த மாதிரி இருந்தது. இந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, இவளுக்கு வணக்கம் வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவேன் சார்," என்றாள் இளவேனில். "நல்லா படிச்சிட்டு வாங்க."