யன்னலில் கீறிய முக்கோணம்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மகள் மயூராவின் ஜூம் வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கம்சிகா கணிதம் படிப்பிக்கிறாள். அவளின் வங்கிக் கணக்குக்கு மாதக் காசை போன் ஆப்பில் அனுப்பப் போனபோதுதான், "கல்குலேட்டரை அங்கால வையும்" என்று அவள் சொன்னது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தங்கச்சி, உங்கட ஓ.எல். சோதனையில கல்குலேட்டர் விடமாட்டினம். இஞ்ச ஜி.சி.எஸ்.ஈ. சோதனையில மூண்டு பேப்பரில ரெண்டுக்கு விடுவினம்."

"ஓம் அண்ணை. முதல் பேப்பருக்கு விடமாட்டினம். அதில சைன் அறுபது வரலாம்."

"அதைப் பாடமாக்கினாச் சரிதானே!"

கம்சிகா மகளிடம் திரும்பினாள். "மயூரா, மூண்டு பக்கமும் ரெண்டா ஒரு முக்கோணம் கீறும். உச்சியில இருந்து நேர கீழ, நடுவால வெட்டும்."

ஆவி படிந்த யன்னல் கண்ணாடியில் மகள் விரலால் கீறினாள். பாதி அடி ஒன்று, சாய்ந்த பக்கம் இரண்டு. பைதகரஸ் போட, உயரம் ரூட் மூன்று என்று வந்தது. அதைச் சாய்ந்த பக்கமான இரண்டால் வகுத்தவள், அதுதான் சைன் அறுபது என்று கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இது மெஷினுக்குள்ள இருக்கிறதெண்டு நினைச்சன். முக்கோணத்துக்குள்ளயே இருக்கு!"

அதைப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணியவன் நான். ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. போனை எடுத்துக் காசை அனுப்பிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடியில் கோடுகள் வழியத் தொடங்கின. திரையை மறந்து இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணை," என்றாள் கம்சிகா, "லைன் கட்டாயிட்டுதோ?"