ஸ்பேர் பார்ட்ஸ், இரண்டாயிரம்

கூரியர் கம்பெனியின் மண்டல அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மைக்ராஸ்கோப் மெக்கானிக் கோப்புக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினான். மனைவி இரண்டு படி முன்னால் போனாள்.

பார்சலைப் பதிவு செய்து அன்றோடு இருபத்தொன்பது நாள். முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் இழப்பீடு கேட்காவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பதினாலு வருடமாக அந்த ரசீதுகளை வாங்குகிறவன் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. மனைவிதான் அவனுடைய லென்ஸை எடுத்து வைத்துப் படித்தாள்.

காணாமல் போனது ஒரு கல்லூரி ஆய்வகத்தின் மைக்ராஸ்கோப் தலை. இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கும் மேல்பாகம். உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகக் கண்ணாடிகள் விலகியிருந்தன. அவன் நான்கு நாள் உட்கார்ந்து சரிசெய்து அனுப்பினான். அது போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தலை வரவேண்டும், இல்லையென்றால் அதன் விலை வரவேண்டும், இரண்டும் இல்லையென்றால் மற்ற பதினாறு மைக்ராஸ்கோப்புகளையும் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று ஆய்வகப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அந்தப் பதினாறுதான் பட்டறையின் பாதிப் பிழைப்பு. அன்று செவ்வாய்.

கிளெய்ம் அதிகாரி ஐம்பதை ஒட்டிய பெண். மேசையில் கோப்புகள், ஒரு டெலிபோன், மூடி போட்ட தண்ணீர் டம்ளர். உட்காரச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

மனைவி பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. கோப்பு கட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். பதிவு ரசீது. ஆய்வகம் அந்தக் கருவியை வாங்கிய பில், வரிசை எண்ணோடு. இன்றைய விலைக்கு விற்பனையாளர் கொடுத்த மதிப்பீடு. பார்சல் கைக்கு வரவில்லை என்று ஆய்வகம் எழுதிய கடிதம். அவர்கள் சார்பில் இழப்பீடு கேட்க இவனுக்கு அனுமதி கொடுத்த கடிதம். கட்டுவதற்கு முன் எடுத்த நான்கு புகைப்படம். ஒன்றில் வரிசை எண் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் இரண்டு பக்கக் கால அட்டவணை. எந்த நாள், எத்தனை மணி, யாரிடம் பேசியது, என்ன பதில்.

அதிகாரி முதலில் கோரிக்கைக் கடிதத்தின் நகலில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். முப்பது நாள் கெடு தப்பியது. மனைவி மூச்சு விட்டாள்.

பிறகு அவர் பில்களைப் பார்த்தார். நாலு வருடப் பழசு, தேய்மானம் கழிக்க வேண்டும் என்றார். கழித்தாலும் ஐம்பத்தைந்தாயிரம் வரும் என்று மனைவி கணக்குத் தாளைக் காட்டினாள். அதிகாரி மறுக்கவில்லை. ரசீதை எடுத்தார். அதில் ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

பொருள்: ஸ்பேர் பார்ட்ஸ். மதிப்பு: இரண்டாயிரம்.

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

ஐயாயிரத்துக்கு மேல் மதிப்பு சொன்னால் கவுன்டரில் பில் கேட்பார்கள். ரிஸ்க் கட்டணம் என்று நூற்றுக்கு இரண்டு வாங்குவார்கள். பார்சல் மறுநாள்தான் கிளம்பும். அதனால் எதை அனுப்பினாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: ஸ்பேர் பார்ட்ஸ், இரண்டாயிரம். பதினாலு வருடத்தில் ஒரு பார்சல்கூடத் தொலைந்ததில்லை. சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“இதை எழுதினது யாரு? உங்க கையெழுத்து கீழ இருக்கு. மேல இருக்கிறது வேற கை,” என்றார் அதிகாரி.

“கவுன்டர்ல இருக்கிறவர்.”

“நீங்க சொல்லி எழுதினாரா, அவரா எழுதிக்கிட்டாரா?”

மனைவியின் முழங்கால் மேசைக்கு அடியில் அவன் முழங்காலை இடித்தது. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போதே அவள் அதைச் சொல்லிவிட்டிருந்தாள். கேட்காமலே எழுதிவிட்டார் என்று சொன்னால் தவறு கம்பெனி ஆளுடையது. முழு மதிப்புக்குச் சண்டை போடலாம். கவுன்டர் ஆளுக்கு இவர்கள் வீட்டில் ‘நாளைக்கு’ என்று பெயர். எந்தப் பார்சலைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். அவருக்கு வேலை போகுமே என்றான் இவன். போகட்டுமே, நாளைக்குத்தானே போகும் என்று அவள் சொல்லியிருந்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினான்.

“நான் சொல்லித்தான் எழுதினாரு மேடம்.”

மனைவி முழங்காலை எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். அப்படியென்றால் விதிப்படி எழுதிக் கொடுத்த மதிப்புதான் உச்சவரம்பு என்றார். இரண்டாயிரமும் அனுப்பிய கட்டணமும் கிடைக்கும். முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போட்டால் வாரத்துக்குள் பணம் வரும், கோப்பு மூடப்படும், தேடுதல் அத்தோடு நிற்கும். படிவத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். குரலில் கோபம் இல்லை. தினமும் நாலு பேரிடம் சொல்கிற வாசகம் போலிருந்தது.

மனைவி படிவத்தைத் தொடவில்லை. கால அட்டவணையைத் திருப்பி அதிகாரியின் முன் வைத்தாள்.

“பதினோராவது நாள் படிங்க மேடம். ஒரு வரிதான்.”

அதிகாரி படித்தார். காலை பதினொன்று இருபது. கவுன்டர் ஆள், போனில்: பெட்டி கிழிஞ்சு வந்திருக்காம், டிப்போல வேற பெட்டியில மாத்துறாங்க, நாளைக்கு கிளம்பிடும்.

கணினியில் தேடினார். இரண்டாம் நாள் அதிகாலை இரண்டு பத்துக்குப் பார்சல் கம்பெனியின் சரக்கு டிப்போவுக்கு வந்திருந்தது. எடை மூன்று கிலோ நானூறு. அதன்பிறகு ஒன்றும் இல்லை. பெட்டி கிழிந்ததாக எங்கும் பதிவில்லை. புகார் இருபத்திரண்டாம் நாள் ‘கிடைக்கவில்லை’ என்று முடிக்கப்பட்டிருந்தது.

“பொருளோட ஒரு விலாசச் சீட்டு உள்ள போட்டீங்களா?”

இல்லை. ஒட்டியது எல்லாம் வெளியேதான். வேலை விவரச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளியே ஒட்டியிருந்தான்.

“கிழிஞ்ச அட்டையோட அதுவும் போயிருக்கும்,” என்றார் அதிகாரி. விலாசம் இல்லாமல் போன சரக்கையெல்லாம் டிப்போவில் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதுவார்கள். அறுபது நாள் கழித்து ஏலம். “நீங்க ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதியிருக்கீங்க. பட்டியல்ல ஸ்பேர் பார்ட்ஸைத்தான் தேடியிருப்பாங்க.”

“இப்ப சரியான பேரைச் சொல்லித் தேடச் சொல்லலாமா?” என்றான் மெக்கானிக்.

“வாயால சொன்னா தேட மாட்டாங்க. உள்ள இருந்தது இன்னது, ரசீதுல எழுதினது தப்புன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். அதை நான் கோப்புல சேர்க்கணும். சேர்த்துட்டா பொருளைத் தப்பா எழுதினதா ஆகிடும். இந்த ரெண்டாயிரமும் கிடையாது. தேடிக் கிடைக்கலைன்னா உங்களுக்கு ஒண்ணுமே இல்லை.” டம்ளரின் மூடியை எடுத்துவிட்டு மறுபடி மூடினார். “யோசிச்சுக்கோங்க.”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். கேட்டால் வரப்போகும் பதிலும் அவனுக்குத் தெரியும். இருபத்தொன்பது நாள் ராத்திரி பகலாகச் சேர்த்த கோப்பு. அதை அவன் ஒரே தாளில் ஒன்றுமில்லாமல் செய்யப் போகிறான்.

“ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க,” என்றான்.

“ஏங்க, எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க,” என்றாள் மனைவி சுவரிடமே. “நிறம், எடை, வரிசை எண். பொதுவா எழுதி வச்சுடாதீங்க. அந்தப் பழக்கம்தான் நம்மை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு.”

எழுதினான். மைக்ராஸ்கோப்பின் மேல்பாகம். வெள்ளை உடல், கறுப்புக் குழல் இரண்டு. கீழே வட்ட வளையம். வரிசை எண். கையெழுத்துப் போடும்போதுதான் பேனா ஒரு தரம் நின்றது.

அதிகாரி தாளைப் படித்தார், முத்திரை குத்தினார், கோரிக்கைக் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு டெலிபோனை எடுத்து டிப்போவுக்குப் பேசினார். பட்டியலில் மைக்ராஸ்கோப் இல்லை என்றார்கள். மருத்துவக் கருவி என்றும் இல்லை. மனைவி புகைப்படத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தெரியாதவன் கண்ணால் பார்ப்பது போல.

“பைனாகுலர்னு ஏதாவது இருக்கான்னு கேளுங்க மேடம்.”

அதிகாரி கேட்டார். மறுமுனையில் பக்கம் புரட்டும் சத்தம். ஒன்று இருந்தது. பைனாகுலர், உடைந்தது, ஒன்று. பதினோராம் நாள் அந்த அறைக்கு வந்தது. போய் எடுத்துவர ஆள் அனுப்பினார்கள். அதிகாரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. எங்கோ ஓர் இரும்பு அலமாரி திறந்து மூடியது.

“இருக்குங்க,” என்றது ஒரு குரல். “அடியில நம்பர் இருக்கு. படிக்கவா?”

டிப்போ ஆள் படித்தான். மனைவி புகைப்படத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஏழு. ஏழு. பூஜ்யம். நான்கு. ஒன்று. குரல் நின்றது. தூசியாக இருக்கிறது, துடைக்கிறேன் என்றது. விரலும் நின்றது.

“ஒன்பது.”

மனைவி விரலை எடுத்தாள். ஒன்பதுதான். கோப்பை மூடி ரப்பர் வளையத்தைப் போட்டாள். இரண்டு தரம் நழுவியது.

“ஆனா மேடம், இது உடைஞ்சிருக்கு. ஆட்டினா உள்ள சத்தம் வருது.”

அறை மறுபடி இறுகியது. உடைந்த தலையைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஆய்வகத்துக்கு ஒன்றுதான். சேதத்துக்குக் கேட்கவும் இனி வழியில்லை. கோரிக்கையின் குறுக்கே விழுந்த அந்தக் கோடு அவனே வரவழைத்ததுதான்.

“ஆட்ட வேணாம்னு சொல்லுங்க,” என்று மெக்கானிக் எழுந்துவிட்டான். பிறகு குனிந்து டெலிபோனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். “தம்பி, அதைப் போன் பக்கத்துல வைங்க. இடது பக்கமா மெதுவா ஒரே ஒரு தரம் சாய்ங்க. பச்சைக் குழந்தையைத் திருப்புற மாதிரி.”

கண்ணை மூடிக்கொண்டான். பட்டகம் உடைந்திருந்தால் வரும் சத்தம் அவனுக்குத் தெரியும். சரசரவென்று வரும், பல துண்டாக.

மறுமுனையில் டிப்போ ஆள் சாய்த்தான். ஒரு சின்ன உருளல். டிக் என்று ஒரே முட்டல்.

“இன்னொரு தரமா?” என்றது குரல்.

“வேணாம் தம்பி. அப்படியே வைங்க.” மெக்கானிக் கண்ணைத் திறந்தான். மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணாடி இல்லை. திருகு. ஒரு திருகு கழண்டிருக்கு.”

“எத்தனை நேரம் ஆகும்?”

“அரை நாள். ஒழுங்குபடுத்த இன்னொரு அரை நாள்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி.

நாளைக்கு உங்கள் ஊர்க் கவுன்டருக்கே அனுப்பி வைக்கிறோம் என்றார் அதிகாரி. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

“டிப்போவுக்கு எந்த பஸ்?” என்று கேட்டாள் மனைவி.