இரண்டு தொடையும் ஒரு தோளும்

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் முதல் தடவையாக ஜிம்முக்குப் போனோம். புதன்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார். உட்கார்ந்தால் "ஐயோ", எழுந்தால் "அம்மா". சதை கிழிந்துவிட்டது என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

பொறுக்காமல் சாயங்காலம் அவரை ஜிம்முக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்ப சார் ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"மறுநாள் காலையில. இன்னைக்குத்தான் ரொம்ப."

"ஒரு காலா, ரெண்டுமா?"

"ரெண்டு தொடையும்."

"கொஞ்சம் நடந்தா?"

"பரவாயில்ல."

"வீக்கம்? சிறுநீர் கறுத்துப் போகுதா?"

"இல்ல."

"அப்ப காயம் இல்ல சார். பழக்கமில்லாத சதை வேலை செஞ்ச வலி. மெதுவா நடங்க, நாலஞ்சு நாள்ல போயிடும். எடை தூக்கும்போதே சுருக்குன்னு பிடிச்சு, ஒரே இடத்துல வலிச்சாத்தான் கவலைப்படணும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணைத் துடைக்க இடது கையை எடுத்தேன்.

"வலது கைக்கு என்னம்மா?" என்றார் பயிற்சியாளர்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் தூக்க முடியாமல் கீழே வைத்த எடையை, அவரை வெறுப்பேற்றவே நான் தலைக்கு மேல் தூக்கினேன். அப்போதே வலது தோளில் சுருக்கென்றது. அதிலிருந்து கை காதுக்கு மேல் ஏறவில்லை. மூச்சுவிடாமல் மறைத்ததை இப்போது சொல்ல வேண்டியதாயிற்று.

"நீங்கதாம்மா டாக்டரைப் பார்க்கணும்."

வீட்டுக்காரர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, நண்டாகவே முன்னால் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் திரும்பி, "பார்த்து இறங்கும்மா" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டுக்கு முன்னால் தொடைவலி ஒன்றுமே இல்லை.