இருபத்திமூன்றாம் நிமிஷம்

கல்யாண வீடியோவில் மக்கள் எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று தன்னாமுனைத் திவாகரனுக்குத் தெரியும். தாலி கட்டுவதை அல்ல. வாவிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு அவன் எடுத்த பாலத்தை ஒருவரும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை. இது அவன் மனதைக் கொஞ்சம் நோகடித்தது.

வீடியோக்களை அவன் யூடியூபில் ஏற்றுவான். தேடினால் கிடைக்காது; இணைப்பு கையில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். மட்டக்களப்பில் ஒரு கல்யாணம் என்றால் பாதிச் சொந்தம் கனடாவிலும் சுவிஸிலும் கட்டாரிலும் இருப்பதால் இதுவே வசதி. பார்வைகள் போதுமான அளவு சேர்ந்ததும், ஏற்றியவனுக்கு ஒரு கோடு காட்டுவார்கள். தொடக்கத்தில் நூறு வீதத்தில் நிற்கும் கோடு, ஆட்கள் கழன்று போகப்போகச் சரியும். ஓர் இடத்தைப் பலர் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அங்கே மேடு கட்டும். சிலவேளை நூறையும் தாண்டும். யார் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்லாது. நாடு தெரியும், பேர் தெரியாது.

அந்த மேடுகளிலிருந்து அவன் படித்தது ஏராளம். சாப்பாட்டுப் பந்தியில் மேடு. வாழ்த்த வந்தவர்கள் வரிசையில் பெரிய மேடு. அவரவர் தங்கள் முகத்தையும் அடுத்தவளின் சேலையையும் தேடுகிறார்கள். காத்தான்குடி இஷாமின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் காருக்குக் குறுக்கே ஓடிய ஆட்டுக்குக் கிடைத்த மேடு மாப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதன்பிறகு திவாகரன் எடிட் பண்ணும்போது இரக்கம் பார்ப்பதில்லை. ஒன்றும் நடக்காத இடம் என்றால் வெட்டு. கோடு சரிய விடக்கூடாது.

கிரான் வதனியக்காவின் மூத்த மகள் தக்ஷாயினியின் கல்யாணத்தில்தான் அவன் இதுவரை காணாத மேடு ஒன்று வந்தது. முகூர்த்தப் பகுதி நாற்பத்தெட்டு நிமிஷம். இருபத்திமூன்றாம் நிமிஷத்தில் கோடு நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. அங்கே இருந்தது பெண்ணின் தாய்மாமன், கதிரவெளி நல்லரத்தினம். நாற்காலியில் அமர்ந்து, மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசித் தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்து மேளம். அவ்வளவுதான்.

மாமா மேல் இந்தச் சனத்துக்கு என்ன பாசம் என்று திவாகரன் வியந்தான். பதினான்கு மாதம் கழித்து இளையவள் கம்சாயினிக்கும் கல்யாணம் பொருந்தி, வேலை அவனுக்கே வந்தபோது, ஓர் அன்பளிப்புச் செய்ய நினைத்தான். மாமா கை நீட்டும் அந்த நாலு செக்கனை மெதுவாக ஓடவிட்டான். வயலின் போட்டான். 'என்றும் எங்கள் மாமா' என்று எழுத்தும் போட்டு வதனியக்காவுக்கு அனுப்பினான்.

அவள் உடனே அழைத்தாள்.

"தம்பி, உனக்கு ஆரும் காசு தந்து இதச் செய்யச் சொன்னதா?"

"இல்லக்கா. எல்லாரும் ஆசையாப் பாக்கிற இடம் எண்டுதான்..."

"ஆசையா? நீ ஒருக்கா வீட்ட வா."

கிரானுக்குப் போனான். வதனி தேத்தண்ணி கொடுத்தாள், பிறகு கைபேசியைக் கொடுத்தாள். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நல்லரத்தினம் அனுப்பிய இணைப்பு இருந்தது. அதன் வாலில் t=1394 என்று ஒட்டியிருந்தது. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நாலாவது செக்கன். அதாவது இருபத்திமூன்று நிமிஷமும் பதினாலு செக்கனும். தட்டினால் வீடியோ நேரே மாமாவின் நீட்டிய கையில்தான் தொடங்கும். கீழே அவர் எழுதியிருந்தார்: 'என்ர தங்கச்சி எனக்குச் செய்த மரியாதை.'

தட்டு முதலில் தாய்மாமனிடம் வரவேண்டும். தூக்கி வந்த பெண் அவரைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்விட்டாள். அவர் எழும்பிப் போனவர், இன்னும் வரவில்லை. டொரொன்டோவிலிருந்து டோகா வரை அத்தனை சொந்தமும் அந்தக் கையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டது.

திவாகரனுக்கு முகம் எரிந்தது. திருப்பிப் போட்டுப் பார்ப்பவர்கள் கொஞ்சம் முன்னாலிருந்து பிடிப்பார்கள், மேடு சாய்வாக ஏறும். இது சுவர் மாதிரி ஒரேயடியாக ஏறியிருந்தது, ஏனென்றால் எல்லோரும் ஒரே செக்கனில் வந்து குதித்தார்கள். அந்தச் சுவரை அவன் அன்றே பார்த்திருந்தான். பார்த்துவிட்டும் வயலின் போட்டான்.

"நான் தட்டப் பறிச்சுக்கொண்டு அவர்ர கதிரையடிக்கு ஓடினன் தம்பி," என்றாள் வதனி. "அதுக்குள்ள ஆள் கேற்றடிக்குப் போயிற்றார். தட்டோட நிண்டன், திரும்பி வருவார் எண்டு. ஆள விட்டும் சொல்லிப் பாத்தன். வீடியோவில அப்பிடி ஒண்டும் இல்லையே, நீ பொய் சொல்றாய் எண்டிட்டார். உன்ர கமெராவில விழல்ல போல."

உள்ளே கம்சாயினியின் குரல் கேட்டது. "மாமா வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன். இன்னும் மூண்டு கிழமதான் கிடக்கு. அம்மாவும் மாமாவும் யோசியுங்க."

திவாகரன் தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்தான். கமெராவில் விழுந்திருந்தது. ஓரமாக முக்காலியில் நிறுத்திய இரண்டாவது கமெரா முழு வரிசையையும் விடாமல் எடுத்திருந்தது. கணினியின் வன்தட்டில் தேடி எடுத்தான். மாமா கையை இழுத்து வேட்டியில் துடைக்கிறார். எழுந்து போகிறார். ஆறு செக்கனில் வதனி தட்டோடு வருகிறாள். வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள். யாரோ மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். தலையை ஆட்டிவிட்டு நிற்கிறாள். ஒரு பிடி அறுகரிசியை நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் போகிறாள்.

இந்தத் துண்டை வெட்டியது அவன்தான். ஒரு பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்து வெட்டியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. வெட்கமாக இருந்தது.

யூடியூபில் ஏற்றிய வீடியோவில் பிறகு வெட்டலாம், எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே தனியாக ஒன்று ஏற்றினான். பழக்கதோஷம், அதையும் நாற்பது செக்கனுக்குச் சுருக்கினான். இணைப்பை நல்லரத்தினத்துக்கு மட்டும் அனுப்பி, 'மாமா, இது என்னுடைய பிழை. நான் வெட்டியது' என்று எழுதினான்.

மறுநாள் காலை பார்வை ஒன்று. மத்தியானம் ஏழு. பின்னேரம் பத்தொன்பது. அனுப்பியது ஒரே ஆளுக்கு. எந்த இடத்தைத் திருப்பிப் பார்க்கிறார் என்று அறியத் திவாகரன் ஆசைப்பட்டான். இவ்வளவு குறைந்த பார்வைக்குக் கோடு காட்டமாட்டார்கள். போதிய தரவு இல்லை என்று மட்டும் வந்தது.

அதற்கடுத்த நாள் அழைப்பு வந்தது.

"தம்பி, நல்லரத்தினம் கதைக்கிறன். அவ தட்டோட எவ்வளவு நேரம் நிண்டவ?"

"ரெண்டு நிமிஷம் பதினொரு செக்கன் மாமா."



"நீ அனுப்பினதில அவ்வளவு இல்லையே."

"சுருக்கிப் போட்டன்."

"இதுவரைக்கும் நீ சுருக்கினது காணும். முழுக்க அனுப்பு."

அனுப்பினான். குழுவிலிருந்த பழைய இணைப்பை அவர் அழித்துவிட்டார் என்று வதனி சொன்னாள். வருவாரா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கல்யாணத்தன்று வந்தார். அதே வரிசை, அதே பக்கம், முதல் நாற்காலி. கம்சாயினி அவரைக் கண்ட பிறகே மணவறையில் ஏறினாள். இம்முறை அறுகரிசித் தட்டை வதனி ஒருவர் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கி வந்து அண்ணனுக்கு முன் நின்றாள். நல்லரத்தினம் கையை நீட்டவில்லை. தங்கச்சியை அப்படியே நிற்க வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திவாகரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கமெரா ஓடுதா?"

"ஓடுது மாமா."

"வெட்டிப்போடாத," என்று சொல்லிவிட்டு அறுகரிசியை அள்ளினார்.