சுருதி சேராத தாலாட்டு

கல்யாண மேடைகளில் பாடிப் பிழைக்கிறவன் நான். என் குரலுக்குப் பந்தியில் இருப்பவர்கள்கூட ஒரு வாய் நிறுத்திக் கேட்பார்கள். என் மகள் மட்டும் வீரிட்டு அழுவாள். பத்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் விமர்சகி.

அவளுக்கு இரண்டு வீடு. வாரத்தில் பாதி ராத்திரி அவள் அம்மாவிடம், மீதி என்னிடம். பிரிந்தபோதே பேசிக்கொண்டோம்: நமக்குள் எது ஒத்துப்போகாவிட்டாலும் பாப்பாவைத் தூங்கவைக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும். குளியல், பால், ஈறு துடைப்பது, போர்வைக்குப் பதிலாக மாட்டும் அதே மாதிரி தூக்கப் பை, விளக்கை அணைத்து அதே நிலாப் பாட்டு. கண் சொக்கியதும், முழுசாகத் தூங்கும் முன்பே, தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் என் வீட்டில் அழுகைதான். பொறுக்காமல், உதவிக்கு வரும் என் அக்கா தோளில் போட்டு ஆட்டிவிடுவாள். அந்தப் பழக்கத்தோடு அம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும் தோள் கேட்டு அழுகை.

"இப்படியே போனா ராத்திரி இங்கயே இருக்கட்டும். நீ பகல்ல வந்து பார்த்துட்டுப் போ," என்றாள் பாப்பாவின் அம்மா, போனில்.

"அதே பாட்டுதானே பாடறேன்?"

"பாடிக் காட்டு."

பாடினேன்.

"நீ கச்சேரி பண்றே. நான் பாடறதைக் கேளு. சிரிச்சே, போனை வச்சிடுவேன்."

சுருதி ஒரு பக்கம் போனது, தாளம் ஒரு பக்கம் போனது. இரண்டாவது வரி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், பள்ளத்தில் விழுந்து எழுந்தது. நான் சிரிக்கவில்லை. என் மகளுக்குத் தெரிந்த பாட்டு இதுதான். நான் பாடியது அவளுக்கு யாரோ பாடுவது.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டில் கச்சேரி ஒத்திகை. பாப்பாவைக் குளிப்பாட்டும் நேரம் வந்ததும் குழுத் தலைவரிடம் சொன்னேன்: "அண்ணே, கீபோர்டை மூடுங்க."

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்குடா! குழந்தைன்னா சத்தத்துல தூங்கப் பழகணும்."

"உங்க வீட்டுக் குழந்தையைப் பழக்குங்க. இந்த வீடு இனிமே காலையிலதான் வாய் திறக்கும்."

"ரொம்பத்தான் பண்றான்," என்றாள் அக்கா. "அழுதா எங்கிட்டதான் வரணும்."

"உன் தோளுக்கு இன்னிலேர்ந்து லீவு, அக்கா."

விளக்கை அணைத்துப் பாடினேன். பிசகாமல் பாடப் பழகிய தொண்டை, தப்பாகப் பாட மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிடித்துத் தள்ளினேன். இரண்டாவது வரி பள்ளத்தில் விழுந்தது. அழ வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். காதை இழுத்துக்கொண்டாள். கண் சொக்கியது. தொட்டிலில் படுக்கவைத்தேன். ஒரு சிணுங்கல். இன்னொரு முறை விழுந்து எழுந்தேன். தூங்கிவிட்டாள்.

வெளியே வந்தால் தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "என்னடா பாட்டு அது? வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

"போகட்டும்ண்ணே. நாளைக்கும் இப்படித்தான் பாடுவேன்."

அக்கா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாப்பாவின் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'தூங்கிட்டா. தொட்டில்ல. தானா.'

'ரெண்டாவது வரி?'

'விழுந்துட்டேன்.'

கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது: 'அடுத்த வாரமும் ராத்திரிக்கே கூட்டிட்டுப் போ. பாட்டைத் திருத்திடாதே.'