பெயர், பிரிவு, உறவு

வேதவதிக்கு டைப்ரைட்டிங் வரும், சுருக்கெழுத்து வரும். புருஷன் பெயரைச் சொல்ல மட்டும் வராது. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பெருமாளுக்கு ஆயிரம் பெயர் சொல்வார்கள், ஆத்துக்காரருக்கு ஒன்று சொல்ல மாட்டார்கள். அவளைப் பிறந்தகத்தில் கொண்டு விட்டுப் போன மகானுபாவன் இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. அப்பா படுத்த படுக்கை. அடுப்பு எரிய வேண்டுமானால் இந்த வேலை கிடைத்தாக வேண்டும். வேலையோ, அவன் குமாஸ்தாவாக இருக்கிற அதே திருவெறும்பூர்த் தொழிற்சாலையில்!

டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த அற்புதசாமி எச்சரித்தே அனுப்பியிருந்தார். "உறவு யாராச்சும் இருக்காங்களான்னு கேப்பாங்கம்மா. மறைச்சா பின்னால வேலையே போயிடும். கேக்கறதுக்கு முன்னால சொன்னா சிபாரிசுன்னு நினைப்பாங்க. கேட்டதும் பேரு, பிரிவு, உறவு. அதுக்கு மேல பேசாதீங்க."

அதிகாரி பரக்கத் அலி அவள் அடித்த தாளைப் பார்த்தார். ஒரு தப்பு இல்லை. முகம் மலர்ந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒருத்தர் இருக்கார் சார். கணக்குப் பிரிவு." கண்ணாடி முன் பழகிய பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பராசரன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. மறைச்சதா ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"இப்படித்தாம்மா சொல்லணும். இங்க வர்றவங்க தன் பேருக்கு முன்னாடி மாமா பேரைச் சொல்றாங்க. என்ன உறவு?"

"ஆத்துக்காரர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் சம்சாரம் இங்க குவார்ட்டர்ஸ்ல இல்ல இருக்காங்க? போன மாசம் குழந்தைக்குப் பேர் வச்சப்ப நானே போயிருந்தேனே."

குழந்தை! பியூன் போய்ப் பராசரனை அழைத்து வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் வெளிறினான். ஒரே கணம்தான்.

"ஐயோ பாவம் சார்! எங்க அத்தை பொண்ணு, அத்தங்கா. கல்யாணம் ஆகலை. சித்தம் கொஞ்சம் சரியில்லை. என்னை ஆத்துக்காரர்னு சொல்லிண்டு திரியறா."

அவள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"பாருங்கோ சார், தானே கட்டிண்டிருக்கா."

பரக்கத் அலி கோபித்திருந்தால்கூடத் தேவலை. இரக்கப்பட்டார். அடித்த தாளை மெதுவாக ஓரமாக நகர்த்தினார். "தண்ணி குடிச்சிட்டுப் பத்திரமா வீட்டுக்குப் போங்கம்மா. பராசரன், நீங்களே பஸ் ஏத்தி விட்டுடுங்க."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நல்ல உறவுக்காரனாகக் கூடவே வந்தான், படுபாவி. தஞ்சாவூர் ரோட்டில் பஸ் தெரிந்ததும் குனிந்து சொன்னான்.

"அசடு. முன்னாடியே எங்கிட்ட வந்திருந்தா, அத்தங்கான்னு ஒரு வார்த்தை சொல்லி நானே வேலை வாங்கித் தந்திருப்பேனே."

பிறகு கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான்.